ஜூலை முதல் சலவைக் கட்டணம்: திருத்திய அறிவிப்பு

அக்கா,

வாடிக்கையாளர்களுக்கான அறிவிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன், கீழே இருக்கிறது. முதல் வரைவில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று இருந்தது. அதைப் படிப்பவருக்குக் காரணம் என்னவென்றே தெரியாது. சோப்புத்தூள் விலை ஏறியதாக ஒரு வரி இருந்தது. இந்த வருடம் அது ஏறவில்லையே, எடுத்துவிட்டேன். சம்பளம்தான் முக்கியக் காரணம், அதைச் சொல்ல நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? ‘ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்ற முடிவையும் நீக்கினேன். புதிய விலைக்குத் தொடர்வதா வேண்டாமா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. கணக்கை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், அப்புறம் அனுப்பலாம்.

* * *

வணக்கம்.

ஜூலை 1 முதல், துவைத்து இஸ்திரி போட்டுத் தரும் துணிகளுக்கான கட்டணத்தை 8 சதவீதம் உயர்த்துகிறோம். இதுவரை 100 கொடுத்த இடத்தில் இனி 108 ஆகும். 2 ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் கட்டணத்தை மாற்றுகிறோம். திடீரென்று பில்லில் பார்த்து நீங்கள் திகைக்கக் கூடாது என்பதால் 6 வாரம் முன்பாகவே எழுதுகிறோம்.

இதற்கு முக்கியக் காரணம் எங்கள் பணியாளர்களின் சம்பளம். இந்த 2 ஆண்டுகளில் உங்கள் கட்டணம் ஏறவில்லை, அவர்கள் சம்பளமும் ஏறவில்லை. நாள் முழுவதும் சூட்டில் நின்று செய்கிற வேலை இது. சட்டைக் காலரும் புடவை மடிப்பும் நீங்கள் விரும்புகிறபடி வருவது அவர்கள் கைப்பழக்கத்தால்தான். சம்பளத்தை உயர்த்தித் தரச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று எங்களுக்கும் தோன்றியது. ஜூலையிலிருந்து எல்லோருக்கும் 12 சதவீதம் கூட்டித் தருகிறோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். நீங்கள் தரும் ஒவ்வொரு 100-இலும் 55 சம்பளத்துக்குப் போகிறது. அது 12 சதவீதம் கூடும்போது 6.6 அதிகமாகிறது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 20 ஆகிறது. அந்தச் செலவு 7 சதவீதம் ஏறியிருப்பதால் இன்னொரு 1.4 சேர்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த 8. இதில் எங்கள் லாபத்துக்கென்று எதையும் கூட்டவில்லை. சோப்புத்தூள், உறை, வாடகை ஆகியவற்றின் செலவு மாறவில்லை, அதனால் அவற்றைக் காரணமாகச் சொல்லவும் இல்லை.

இஸ்திரி இல்லாமல் துவைத்து மடித்து மட்டும் வாங்கிக்கொள்பவர்களுக்குப் பழைய கட்டணமே தொடரும். அதில் கைவேலை குறைவு. கூடுதல் செலவை இந்த ஆண்டு முடியும்வரை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், ஜனவரியில் மாற்றம் தேவைப்பட்டால் அதற்கும் இதே போல 6 வாரம் முன்பே எழுதுவோம். செலவைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர்கள், வெளியே உடுத்தும் துணிகளை மட்டும் இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு, படுக்கை விரிப்பு, துண்டு, வீட்டு உடைகளை மடித்துத் தரச் சொல்லலாம். பையில் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி வைத்தால் போதும், நாங்கள் பிரித்துப் பார்த்துக்கொள்கிறோம்.

முன்பணம் கட்டியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கட்டியபோது என்ன விலையோ, அந்தத் தொகை தீரும்வரை அதே விலைதான். ஜூன் 30 வரை எங்களிடம் வந்து சேரும் துணிகளுக்கும், திருப்பித் தருவது ஜூலையில் ஆனாலும், பழைய கட்டணம்தான்.

புதிய கட்டணம் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் நிறுத்திக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதமுள்ள முன்பணத்தை ஒரு வாரத்துக்குள் முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடுவோம். பிறகு எப்போது திரும்பி வந்தாலும் சேர்க்கைக் கட்டணம் கேட்க மாட்டோம்.

ஒரு வேண்டுகோள் மட்டும். வீட்டுக்குத் துணி கொண்டு வரும் தம்பிகளிடம் விலையைப் பற்றிக் கேட்க வேண்டாம். இது அவர்கள் எடுத்த முடிவு இல்லை, பதில் சொல்லும் சங்கடத்தில் அவர்களை வைக்க எங்களுக்கு மனமில்லை. கேள்வியோ வருத்தமோ எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள். பில்லில் இருக்கும் எண்ணில் காலை 10 முதல் 12 வரை நானே பேசுவேன். கணக்கில் ஏதாவது புரியவில்லை என்றாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.

இத்தனை நாளும் உங்கள் வீட்டுத் துணியை எங்களை நம்பிக் கொடுத்ததற்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
சலவை நிலைய உரிமையாளர்
மே 20