மின்தடைக்கால அவசரச் செயல்திட்டம்

30 படுக்கைகள், 4 படுக்கை தீவிர சிகிச்சைப் பிரிவு, 2 வென்டிலேட்டர்கள், ஒரு 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் உள்ள நம் மருத்துவமனைக்கு எழுதியது. ஒரு பிரதி ஐசியு நர்ஸ் மேசையிலும் இன்னொன்று ஜெனரேட்டர் அறைக் கதவிலும் இருக்கும். ஜெனரேட்டர் ஓடாது என்று வைத்துக்கொண்டே இதைப் போட்டிருக்கிறோம். ஓடினால் பாதி வேலை மிச்சம்.

கரண்ட் போனதும்

ஐசியு நர்ஸ் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் மார்பை. திரையை அப்புறம் பார்க்கலாம். மார்பு ஏறி இறங்குகிறதா, வென்டிலேட்டர் பேட்டரிக்கு மாறிவிட்டதா, ஆக்சிஜன் அழுத்தம் இருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பார்க்கவும். அலாரத்தை நிறுத்தப் போய் நோயாளியை விட்டுவிட வேண்டாம். ஜெனரேட்டர் 15 வினாடிக்குள் தானாக ஓட வேண்டும். 30 வினாடி ஆகியும் ஓடாவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போகும். அவர் கையால் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். ஒரு முயற்சிக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. இடையில் 30 வினாடி விடவும். மூன்று முறைக்கு மேல் முயன்றால் பேட்டரியும் போய்விடும்.

5 நிமிடத்தில் மின்சாரம் வராவிட்டால் பணியிலிருக்கும் மருத்துவர் அவசரநிலை அறிவிப்பார். வேறு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளிகளை ஏற்க முன்பே ஒப்புக்கொண்ட மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸுக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மின்சாரம் வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வென்டிலேட்டர் நோயாளிகள்

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கையேடு சொல்வதை நம்ப வேண்டாம். அது புது பேட்டரிக்கான கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோயாளி இல்லாதபோது, டெஸ்ட் லங் மாட்டி ஓடவிட்டு அளக்கிறோம். அளந்ததில் பாதிதான் நம் கணக்கு. இப்போது முதல் இயந்திரம் 80 நிமிடம் ஓடுகிறது, அதை 40 என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். இரண்டாவது 50 நிமிடம், ஒட்டியிருப்பது 25. மின்வெட்டு நீண்டால் இரண்டாவதில் இருப்பவரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு வென்டிலேட்டர் படுக்கையின் தலைமாட்டிலும் ரிசர்வாயருடன் அம்பு பேக், அளவான மாஸ்க், கால் சக்ஷன், டார்ச் இருக்கும். மின்சார சக்ஷன் நின்றுவிடும் என்பது பலருக்கும் கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வரும். இயந்திரம் நின்றால் உடனே கழற்றி அம்பு பேக் போடவும்: பெரியவர்களுக்கு 6 வினாடிக்கு ஒரு மூச்சு, மார்பு லேசாக உயரும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகவே அழுத்துவார்கள், பக்கத்தில் ஒருவர் எண்ணிச் சொல்லவும். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர், 10 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றம். ஆள் போதாவிட்டால் வார்டில் இருந்து வரவழைக்கவும்.

ஹை ஃப்ளோ கருவிக்குப் பேட்டரி கிடையாது. அதில் இருப்பவரை உடனே ரிசர்வாயர் மாஸ்குக்கு, நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு, மாற்றி, போதவில்லை என்றால் மருத்துவரை அழைக்கவும்.

ஆக்சிஜன்

வார்டில் இருக்கும் இரண்டு கான்சன்ட்ரேட்டர்களும் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். அவற்றின் பக்கத்தில் ரெகுலேட்டர் மாட்டிய ஒரு பி வகை சிலிண்டர் நிற்க வேண்டும், சாவி அதிலேயே சங்கிலியில். நிரம்பிய பி வகையில் சுமார் 1,500 லிட்டர்; நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 5 மணி நேரம். டி வகையில் சுமார் 7,000 லிட்டர். 15 லிட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய ஏழே முக்கால் மணி நேரம். அழுத்தமானி பாதிக்கு வந்தால் நேரமும் பாதி.

மேனிஃபோல்டில் இரு பக்கமும் மும்மூன்று டி சிலிண்டர்கள். ஒரு பக்கம் காலியானதும் அடுத்த பக்கத்துக்கு மாற்றிவிட்டு, அதே ஷிஃப்டில் காலியானவற்றைக் கழற்றிப் புதியன மாட்டவும். அலாரப் பலகையும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே மின்வெட்டின்போது ஒருவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரில் போய் அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். வால்வை மெதுவாகத் திறக்கவும். கையில் எண்ணெய், கிரீஸ் இருக்கக் கூடாது.

ஜெனரேட்டர் சோதனை

தினமும் காலை: டீசல், ஆயில், கூலன்ட், பேட்டரி. நின்ற நிலையில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜரைப் பார்க்கவும். ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது போதாது. மாதம் ஒருமுறை மருத்துவமனையின் லோடை ஏற்றி 30 நிமிடம் ஓட்ட வேண்டும். லோடு இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத டீசல் புகைக்குழாயில் தேங்கும்.

டேங்க் 120 லிட்டர். நம் வழக்கமான லோடில் மணிக்கு 10 லிட்டர் போகிறது. பாதிக்கு வந்ததும் டீசல் வாங்க ஆள் அனுப்பவும். ஓடும்போது நிரப்ப வேண்டாம். லோடைக் குறைக்க ஏசி, லிஃப்ட், வாட்டர் ஹீட்டர் முதலில் நிறுத்தப்படும். ஐசியு, பிரசவ அறை, ரத்தக் குளிர்பெட்டியின் சிவப்பு பிளக்குகளில் கை வைக்கக் கூடாது. யாரும் அங்கே ஃபோன் சார்ஜ் போட வேண்டாம்.

மின்சாரம் திரும்பியதும்

10 நிமிடம் நிலையாக இருந்தால் மட்டும் மெயினுக்கு மாற்றவும். வென்டிலேட்டரின் செட்டிங்குகளை மின்வெட்டுக்கு முன் எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நோயாளியை மீண்டும் இணைக்கவும். பேட்டரிகள் முழுதாக ஏறும் வரை அந்த இயந்திரங்களை பிளக்கிலிருந்து எடுக்க வேண்டாம். பயன்படுத்திய சிலிண்டர்களை அன்றைக்கே மாற்றி, எத்தனை மணிக்கு எது நின்றது, எது ஓடியது என்று பதிவேட்டில் எழுதவும்.

ஒத்திகை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு தடவையாவது இரவு ஷிஃப்டில். ஆள் குறைவாக இருப்பது அப்போதுதான். ஐசியுவில் வென்டிலேட்டர் நோயாளி இருக்கும் நாளில் மெயினை அணைக்கும் ஒத்திகை கிடையாது.