அப்பாவுக்கு: கொம்பியூட்டருக்குள் இருக்கும் அலுமாரி

அப்பா,

நேற்றுப் போனில் சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன். தம்பி சனிக்கிழமை வட்டக்கச்சிக்கு வரும்போது இதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவான். லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

முதல் விசயம், சிறுபோகப் பங்குப் பட்டியல் தொலையவில்லை. "கொம்பியூட்டர் விழுங்கிப்போட்டுது" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். வட்ஸ்அப்பில் வந்ததை லப்டொப்பில் இறக்கினீர்கள் அல்லவா? அப்படி இறக்குவதெல்லாம் Downloads என்ற லாச்சியில்தான் போய் விழும். நீங்கள் தேடியது Documents என்ற லாச்சியில். அவ்வளவுதான் நடந்தது.

உங்கள் கந்தோரில் இருந்த இரும்பு அலுமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு லாச்சி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சீட்டு. லாச்சியை இழுத்தால் வரிசையாகக் கோவைகள், கோவைக்குள் கடிதங்கள். திரையில் மஞ்சளாகத் தெரிகிற ஃபோல்டர்தான் லாச்சி. நீங்கள் ரைப் பண்ணுகிற கடிதம், எடுத்த படம், வந்த பட்டியல் எல்லாம் கடதாசிகள். அவற்றைப் பைல் என்பார்கள். இந்தப் பெயர்தான் உங்களைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். கந்தோரில் பைல் என்றால் கடதாசிகளைக் கோர்த்து வைக்கிற மட்டை, இங்கே பைல் என்றால் அந்த ஒற்றைக் கடதாசி.

கந்தோர் அலுமாரியில் இல்லாத ஒன்று இதில் உண்டு. ஒரு லாச்சியைத் திறந்தால் உள்ளே இன்னொரு முழு அலுமாரியே இருக்கலாம். அதன் லாச்சியைத் திறந்தால் அதற்குள்ளும் ஒன்று. உங்களுக்கு நான் போட்டுத் தந்தது இப்படி:

```
Documents
  கமக்காரர் அமைப்பு
    2018 வெள்ளம்
    2024
      காலபோகம்
      சிறுபோகம்
  காணி
  வீடு
```

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் வந்தபோது எடுத்த வயல் படங்களும் நட்டஈட்டுக் கடிதங்களும் "2018 வெள்ளம்" லாச்சியில் இருக்கின்றன. அவை 2024 இன் கடிதங்களோடு கலக்காது. இரண்டும் கமக்காரர் அமைப்பு என்ற ஒரே பெரிய லாச்சிக்குள் இருந்தாலும் தனித்தனி.

இப்போது உள்ளே போவதைப் பார்ப்போம். கீழே வரிசையில் உள்ள மஞ்சள் ஃபோல்டர் படத்தை ஒருதரம் கிளிக் பண்ணுங்கள். ஜன்னல் திறக்கும். இடப்பக்கம் Documents என்று இருக்கும், அதை ஒருதரம். பிறகு வலப்பக்கத்தில் தெரிகிற ஃபோல்டரை இரண்டு தரம் சட்டென்று. ஒவ்வொரு முறையும் ஒரு லாச்சி உள்ளே போகிறீர்கள். அப்போது ஜன்னலின் மேற்பக்கத்து நீளப் பட்டையைப் பாருங்கள்:

```
Documents > கமக்காரர் அமைப்பு > 2024 > சிறுபோகம்
```

அப்பா, இந்தக் கடிதத்தில் எதை மறந்தாலும் இந்தப் பட்டையை மறக்க வேண்டாம். நீங்கள் எந்த லாச்சியில் நிற்கிறீர்கள் என்று சொல்வது அதுதான். இடப்பக்கம் இருப்பது வெளி அலுமாரி, கடைசிப் பெயர் நீங்கள் நிற்கிற இடம். வெளியே வரவேண்டுமென்றால் பட்டையிலேயே "2024" என்ற பெயரைக் கிளிக் பண்ணலாம். பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு ஒன்றும் இருக்கும், அது ஒரு லாச்சி வெளியே கொண்டுவரும். இடப்பக்கம் பார்க்கிற அம்பு வேறு. அது கடைசியாக எங்கே நின்றீர்களோ அங்கே கொண்டுபோகும், அது வேறு அலுமாரியாகவும் இருக்கலாம். நேற்று நீங்கள் சுற்றிச் சுற்றி நின்றது அந்த அம்பால்தான்.

கடிதம் எழுதி முடித்துச் சேமிக்கும்போதும் அதே பட்டை வரும். Save As கொடுத்து Browse அமத்தினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். முதலில் பட்டையைப் பாருங்கள், பிறகு பெயரை எழுதுங்கள், கடைசியாக Save. நீங்கள் பெயரை எழுதிவிட்டு உடனே Save அமத்துகிறீர்கள். கையில் கடதாசியோடு போய், திறந்து கிடக்கிற லாச்சி எதுவோ அதற்குள் போட்டுவிட்டு வருவது மாதிரி. உங்கள் கந்தோரில் ஒரு பியோன் அப்படிச் செய்திருந்தால் விட்டிருப்பீர்களா?

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழிலேயே எழுதலாம், ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் நீங்கள் வழக்கமாக எழுதுகிற 12/03/2024 என்ற திகதியைப் பெயரில் வைக்க விடாது. பின்வரும் குறிகள் எதையும் பெயருக்குள் ஏற்றுக்கொள்ளாது:

```
\ / : * ? " < > |
```

அதனால் "2024-03-12 கூட்ட அறிக்கை" என்று எழுதுங்கள். வருசம் முன்னால் வந்தால் இன்னொரு நன்மை, கடிதங்கள் தானாகவே கால ஒழுங்கில் நிற்கும். நாளை முன்னால் போட்டால் மார்ச் 12 உம் ஒக்டோபர் 12 உம் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். Downloads லாச்சியைத் திறந்து பட்டியலை ஒருதரம் கிளிக் பண்ணுங்கள். Ctrl ஐப் பிடித்துக்கொண்டு X. பட்டியல் கொஞ்சம் மங்கும், பயப்பட வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிறகு சிறுபோகம் லாச்சிக்குள் போய் Ctrl ஐப் பிடித்துக்கொண்டு V. இடம் மாறிவிடும். X க்குப் பதில் C அமத்தினால் பழைய இடத்திலும் ஒன்று, புது இடத்திலும் ஒன்று என்று இரண்டு பிரதி ஆகும். பிறகு ஒன்றில் திருத்துவீர்கள், மற்றது பழையதாகவே கிடக்கும். கூட்டத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று குழம்புவீர்கள். ஆகவே X.

மவுஸால் இழுத்துப் போடுவதை இப்போதைக்கு விடுங்கள். கை நடுங்கி வழியில் விட்டால் பக்கத்து லாச்சிக்குள் விழுந்துவிடும். அப்படி விழுந்தால் வேறெதையும் தொடாமல் உடனே Ctrl, Z. செய்த கடைசி வேலையை அது திருப்பிவிடும்.

அழித்தாலும் லப்டொப்பில் இருந்தது உடனே போகாது. Recycle Bin க்குப் போய்க் கிடக்கும். அதைத் திறந்து, கடதாசியின் மேல் வலப்பக்கப் பொத்தானை அமத்தி Restore கொடுத்தால் பழைய லாச்சிக்கே திரும்பும். பென் டிரைவில் இருந்து அழித்தால் மட்டும் அங்கே வந்து சேராது, அது போனது போனதுதான்.

பென் டிரைவ் என்றதும்தான் நினைவு வருகிறது. இத்தனை லாச்சியும் ஒரே ஒரு லப்டொப்புக்குள் இருக்கிறது. 2009 இல் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு நடந்தவருக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. காணி என்ற லாச்சியை அப்படியே பென் டிரைவில் பிரதி எடுத்துச் சின்னம்மா வீட்டில் கொடுத்து வைக்கலாம். இதற்கு மட்டும் C. லாச்சியைத் தெரிந்து C அமத்தினால் உள்ளே இருக்கிற எல்லா லாச்சியும் கடதாசியும் சேர்ந்தே போகும், ஒவ்வொன்றாக எடுக்கத் தேவையில்லை.

எங்கே வைத்தேன் என்று தெரியாவிட்டால், ஜன்னலின் வலப்பக்க மேல் மூலையில் Search என்று ஒரு பெட்டி இருக்கிறது. நிற்கிற லாச்சிக்குள்ளும் அதற்குள் இருக்கிற லாச்சிகளுக்குள்ளும்தான் அது தேடும். ஆகவே முதலில் Documents இல் வந்து நின்றுகொண்டு "பங்கு" என்று எழுதுங்கள். அங்கே இல்லாவிட்டால் Downloads இல் நின்று இன்னொரு தரம்.

இன்று பட்டியலை மட்டும் இடம் மாற்றுங்கள், பென் டிரைவ் வேலையைத் தம்பி வந்த பிறகு பார்க்கலாம். மாற்றி முடித்ததும் ஒரு மிஸ்ட் கோல் போடுங்கள், நான் எடுக்கிறேன். அப்போது மேல் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மகள்