கட்டைவிரல் மறைத்த வரி

திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சைட் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒப்பந்தத்தைக் கண்ணில் காட்டிவிட்டார்கள். நாலு பக்கம், இன்னும் இரண்டு வருடத்துக்கு. ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மொரீஷியசுக்கு வந்து இந்த இரண்டு வருடத்தில் சம்பளம், ஓவர்டைம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிற இடங்களெல்லாம் பழகிவிட்டன. மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் கண் நின்றது. மற்றதைவிடப் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி பிரெஞ்சில் இருந்தது. போன தடவை ஒப்பந்தத்தில் அது இல்லை.

போன தடவை சென்னையில், ஏஜெண்ட் ஆபீசில், விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தவன் நான். சாப்பாட்டுக்கு மாதாமாதம் பிடிப்பார்கள் என்பது இங்கே வந்து முதல் சம்பளம் கைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. அன்று இரவு ஊருக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஆபீஸ் பெண் போன் பேச வெளியே போன நேரத்தில் படம் எடுத்தேன். திருட்டு வேலை செய்கிற மாதிரி கை நடுங்கியது. தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் மேலே டியூப் லைட் வெள்ளையாக விழுந்தது, அதைத் தவிர்க்கப் போனைச் சாய்த்தேன், சாய்த்ததில் என் கட்டைவிரல் படத்துக்குள் வந்துவிட்டது. ரூமுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வரியின் கடைசி இரண்டு மூன்று வார்த்தைகளின் மேல் கறுப்பாக விரல் படுத்திருந்தது.

மிச்ச வரியில் எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, 10 000 என்ற எண். இன்னொன்று சி, ஏ, யூ, டி, ஐ, ஓ, என். இந்த வார்த்தையை நான் தினமும் பார்க்கிறேன். குழி தோண்டிய இடத்தில், சாரத்தின் அடியில், மஞ்சள் போர்டில் தொங்கும். காஷன். ஆபத்து, பார்த்துப் போ.

அன்று இரவு அந்த வரியை நானே எழுதி முடித்துவிட்டேன். மேலே இருந்து விழுந்தால் கம்பெனி பொறுப்பில்லை, 10,000 ரூபாயைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று. போன மழையில் பங்களாதேஷ் பையன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து, கட்டோடு ஊருக்குப் போனான். அவன் கட்டில் இப்போதும் என் கட்டிலுக்கு எதிரேதான் காலியாகக் கிடக்கிறது. நான் கம்பி கட்டுகிறவன், நாளெல்லாம் மேலேதான் நிற்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, ஊரில் ஒன்பதரை, என் மனைவி தேவி கூப்பிட்டாள். படத்தை அனுப்பியிருந்தேன்.

"பாப்பா டிக்சனரியில பாத்தாங்க. எச்சரிக்கைனு போட்டிருக்காம்."

"அதான் எனக்கே தெரியுமே."

"பயமா இருந்தா வந்துடுங்க. கடனை எப்படியாவது பாத்துக்கலாம்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கடனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்ன் போனேன். கோர் தெ கார்ட் மலைச் சரிவில் முருகன் கோவில் இருக்கிறது, வேலை இல்லாத ஞாயிறெல்லாம் அங்கேதான். படியேறும்போது கீழே ஊரும் கரும்பும் தெரியும், மேலே போனால் நம் ஊர்க் கோவில் வாசனை. வீராசாமி தாத்தாவை அங்கேதான் பழக்கம். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். அவருக்குத் தமிழ் பேச வராது, முருகா, வணக்கம், பிரசாதம், அவ்வளவுதான். ஆனால் பதிகத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் பாடுவார். பாடி முடித்து எப்போதாவது ஒரு வார்த்தையைத் தொட்டு என்னைப் பார்ப்பார், நான் இந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில், எனக்குத் தெரிந்த அளவுக்கு, அர்த்தம் சொல்லுவேன்.

அன்று நான் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"கோஸ்யோன்," என்றார்.

"காஷன்," என்றேன். விழுகிற மாதிரி கையால் காட்டினேன்.

அவர் தலையாட்டி மறுத்தார். உண்டியலில் போட நான் கையில் வைத்திருந்த நூறு ரூபாய் நோட்டை வாங்கினார். இந்த ஊர் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், முதல் சம்பளத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டைச் செலவழிக்காமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பணத்தில் நம் எழுத்து இருக்கிறது, அந்தப் பணத்துக்காக நான் கையெழுத்துப் போடுகிற தாளில் இல்லை. தாத்தா நோட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"பத்ரோன் கார்ட்."

முதலாளி வைத்துக்கொள்வார். புரிந்துவிட்டது. பிரெஞ்சில் அந்த வார்த்தைக்கு ஜாமீன் பணம் என்று அர்த்தமாம். என் சம்பளத்திலேயே 10,000 ரூபாயைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த நாலைந்து வார்த்தைகளை விரலால் தடவி, "சி தோ அலே அவான்," என்றார். முன்னாலேயே போய்விட்டால்.

"அப்புறம்?" தமிழில்தான் கேட்டேன்.

அவர் என் கட்டைவிரல் படம் இருந்த இடத்தைத் தட்டினார். பையிலிருந்து நோட்டைப் பாதி வெளியே எடுத்தார். திரும்ப உள்ளே தள்ளினார். மறுபடி பாதி எடுத்து, அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை என் கையில் வைத்துவிட்டு, தன் வாட்ஸாப் நம்பரை என் போனில் அவரே மெதுவாக அடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆபீசில் எங்கள் ஆட்கள் ஏழு பேர் வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. ஆபீஸ் பெண் மூன்றாம் பக்கத்தைத் தாண்டி நேராக நாலாம் பக்கத்தைத் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

நான் ஒரு பக்கம் பின்னால் திருப்பினேன். "மதாம், ஃபோட்டோ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் செல்வம், "அண்ணே, எதுக்கு இப்ப?" என்று முதுகில் இடித்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் தாளை உறையிலிருந்து உருவி மேஜையில் வைத்தாள். முழங்கைகளை ஊன்றி, போனை இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்து எடுத்தேன். அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, ஏழு பேரும் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

குரல் செய்தி வந்தது. காதில் வைத்தேன். தாத்தா இருமிவிட்டு நீளமாக ஏதோ படித்தார், கடைசியில் எனக்காக நிறுத்தி, கிரியோலில் இரண்டே வார்த்தை சொன்னார்.

"பா ரான்."

திருப்பித் தர மாட்டார்கள்.

பேனாவை மூடி வைத்தேன். "மதாம், இந்த வரி வேண்டாம். இதை அடிச்சுட்டுக் குடுங்க, போடுறேன்," என்று தமிழும் கிரியோலுமாகச் சொல்லி அந்த வரியின் மேல் விரல் வைத்தேன். அவள் பெரியவரைக் கூப்பிட உள்ளே போனாள்.

செல்வம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அண்ணே," என்றான், மெதுவாக, தன் தாளை என் பக்கம் நகர்த்தி, "என்னுதுல அது எங்க இருக்குன்னு காட்டுங்க."