வீட்டுச் சாவி உன்னோடு வரட்டும்

(என் அண்ணன் மகள் நர்ஸ் வேலைக்காக வெளிநாடு போகிறாள். விமான நிலையத்துக்கு வண்டி வருவதற்கு முன்னால் வீட்டார் கூடி உட்கார்ந்து பாடுவதற்காக அத்தை நான் எழுதிய வாழ்த்துப் பாட்டு இது. பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். சரணங்களை அவரவர் பாடட்டும். மெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். தாலாட்டு பாடத் தெரிந்த எவருக்கும் இது வரும். நடுவில் உள்ள பேச்சைத் தாளைப் பார்த்துப் படிக்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். யாருக்காவது தொண்டை அடைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் அடுத்த அடியை எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டு நின்றுவிடக் கூடாது.)

பல்லவி (எல்லோரும்)

பெட்டி நிறைந்தது பெண்ணே – நீ
புறப்படும் வேளை வந்தது கண்ணே
எட்டாத் தூரம் போனாலும் – நம்
வீட்டுச் சாவி உன்னோடு வரட்டும்

அனுபல்லவி

ஆணியில் அதனை மாட்டிவிடாதே
அடுத்தவர் கையில் கொடுத்துவிடாதே
தட்டிவிட்டு நிற்கும் விருந்தாளி அல்ல
தானே திறந்து வருபவள் நீ

பேச்சு (அத்தை)

நேற்று உன் அப்பா பெட்டிக்கு எடை பார்த்ததை நீ கவனித்தாயா? பெட்டியை வைத்தால் எடை இயந்திரத்தின் எண்ணே மறைந்துவிட்டது. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றார். பிறகு பெட்டியை இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறி நின்றார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, 23 கிலோவுக்குள் வந்துவிட்டது என்றார். கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் என்ன வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். "எதுவும் வைக்க வேண்டாம், அது அவளுக்கு" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார். இனி அவர் பாடட்டும்.

சரணம் (அப்பா)

இருபத்து மூன்று கிலோவுக்கு மேலே
இம்மியும் கூட ஏற்றவில்லை
ஒருபெரும் பாரமாய் எங்கள் ஆசையை
உன்தோள் மீதும் ஏற்றவில்லை

கடனை அடைப்பது என்பாடு மகளே
கணக்கில் அதை நீ சேர்க்காதே
உடலை உருக்கிப் பணம் அனுப்பாதே
உறக்கத்தை விற்றுச் சேமிக்காதே

முதல்மாதச் சம்பளம் கைக்கு வந்தால்
முதலில் உனக்கொரு ஷூ வாங்கு
இதமாய் இருக்கிற ஷூவாக வாங்கு
எத்தனை விலையென்று பாராதே

பன்னிரண்டு மணிநேரம் நிற்கும்
பாதம் இரண்டும் என் கண்ணல்லவா
என்னிடம் கேட்காமல் வாங்கிக்கொள் மகளே
எனக்கு அதுவே பரிசல்லவா

(பல்லவி)

சரணம் (அம்மா)

பாஸ்போர்ட் உன்கையில் இருக்கட்டும் பெண்ணே
பத்திரம் என்று பிறர் வாங்கினாலும்
கேட்டு வாங்கி உன்பையில் வைத்திடு
கெஞ்சினும் மிஞ்சினும் விட்டுவிடாதே

ஒப்பந்தத் தாளை வரிவரி யாகப்
படித்தபின் மட்டும் ஒப்பமிடு
தப்பென்று தோன்றினால் தாமதிக்காதே
தூதரகத்தின் கதவைத் தட்டு

நகலொரு தொகுதி என்னிடம் இருக்கும்
நள்ளிரவானாலும் தேடி எடுப்பேன்
பகலிலோ இரவிலோ கூப்பிடு மகளே
பக்கத்து அறையில் இருப்பதுபோல் பேசு

நன்றாய் இருக்கிறேன் என்னும் சொல்லை
நாள்தோறும் சொல்லிப் பழகாதே
இன்று கசந்தது என்று சொன்னால்
இடிந்து போய்விட மாட்டேனடி

அழுதால் அழு, நான் அழவே மாட்டேன்
என்றொரு பொய்யை நான் சொல்ல மாட்டேன்
அழுது முடித்தபின் மூக்கைத் துடைத்து
அன்றைய கதையை முழுதும் சொல்லடி

(பல்லவி)

சரணம் (தம்பி)

பூமி ஒருமணி நேரம் சுழன்றால்
பதினைந்து பாகை நகரும் அக்கா
நீமேற்கே போகிறாய், சூரியன் முதலில்
நம்வீட்டு மாடிக்குத் தான்வரும் அக்கா

விடிந்ததும் அதை நான் பார்த்துவைத்து
விரைவாய்ப் போ என்று சொல்லி அனுப்புவேன்
முடிந்ததுன் இரவுப் பணி என்று வெளியே
முகம்காட்டும் போது உன்மேல் விழட்டும்

என்கைப்பேசியில் கடிகாரம் இரண்டு
ஒன்று நமக்கு, ஒன்று உனக்கு
தூங்கி விட்டாயா என்று கேட்காதே
தூங்கினும் எழுவேன், கூப்பிடு அக்கா

உன்மேசை மீது கைவைக்க மாட்டேன்
உன்புத்தகத்தை இடம்மாற்ற மாட்டேன்
கீழ்இழுப்பறை மட்டும் எனக்குக் கொடு
கேட்டுத்தான் அதையும் எடுத்துக்கொள்வேன்

(பல்லவி)

பேச்சு (பாட்டி)

எனக்குப் பாடக் குரல் வராது, முதலில் சொல்லிவிடுகிறேன். நீ படிக்கும் காலத்தில் என் கையைப் பிடித்துத்தான் நாடி பார்க்கப் பழகினாய். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, கடிகார முள்ளைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய எண்ணுவாய். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஆகாதா, எனக்குக் கை வலிக்கிறது என்றேன். துடிப்பு ஒழுங்காக இல்லாதவர்களுக்கு அது தப்பாகப் போகும் பாட்டி, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும் என்றாய். அன்றைக்கே தெரிந்துகொண்டேன், உன் கையில் யாரை ஒப்படைத்தாலும் பயமில்லை என்று.

சரணம் (பாட்டிக்காக அத்தை பாடுவது, பாட்டி கையைத் தலைமேல் வைத்திருக்கட்டும்)

மூன்று விரல்வைத்து நாடி பார்ப்பவளே
முழுநிமிடமும் பொறுத்து எண்ணுபவளே
ஈன்றவர் யாரென்று தெரியாதவரையும்
என்பாட்டி என்றே தொடுபவளே

புதுமொழி கற்கப் போகிற போது
பொருள்வாங்கும் சொல்லைப் பிறகு படி
எதுமுதல் என்றால் "வலிக்கிறதா?" என்று
இதமாகக் கேட்கும் சொல்லைப் படி

"தண்ணீர் வேண்டுமா" என்பது இரண்டு
"தனியாய் இல்லை நீ" என்பது மூன்று
இந்தமூன்று சொற்கள் தெரிந்தால்
எந்நாட்டு நோயாளியும் உனைநம்புவார்

உன்கை பிடித்தே ஓருயிர் பிரியும்
ஒருநாள் இரவும் வரும் கண்ணே
என்பிழையோ என்று நெஞ்சில் அறையாதே
எல்லாம் செய்தாய் நீ, போதும் கண்ணே

முகத்தைக் கழுவிச் சற்றே உட்கார்
முன்னவர் ஒருவரைத் துணைக்கு அழை
அகத்தில் அதை நீ பூட்டிவிடாதே
அடுத்த படுக்கைக்கு மெல்ல நட

(பல்லவி)

பேச்சு (அத்தை)

உன் அப்பா இந்த வேலைக்கு முதலில் வேண்டாம் என்றவர்தான். அதை இப்போது மனத்தில் வைத்துக்கொள்ளாதே. புளோரன்ஸ் நைட்டிங்கேல் வீட்டிலும் நர்ஸ் வேலை கூடாது என்றுதான் சொன்னார்கள். அவர் 1854-இல் 38 பெண்களை அழைத்துக்கொண்டு கடல் கடந்து, போரில் அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களைப் பார்க்கப் போனார். விளக்கேந்திய கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அவர் திரும்பி வந்த கதை. 1856-இல் நாடே அவரை வரவேற்கக் காத்திருந்தபோது, வேறொரு பெயரில் பயணம் செய்து, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மேளமும் இல்லை, மாலையும் இல்லை. வீடு திரும்புவதற்கு வேறு எதுவும் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீயும் தெரிந்துகொள்.

சரணம் (அத்தை)

பரிசுகள் சுமந்து வரவேண்டாம்
பதவியில் உயர்ந்து வரவேண்டாம்
சரிவரவில்லை என்று தோன்றினால்
சாக்கொன்று தேடிச் சொல்லவேண்டாம்

ஆறே மாதத்தில் திரும்பி விட்டாலும்
அதுதோல்வி என்று நினைக்க வேண்டாம்
ஊரார் கேட்டால் நான் பதில்சொல்வேன்
உன்வாய் திறந்து பேச வேண்டாம்

பயணச் சீட்டுக்குப் பணம் தனியாகப்
பத்திரமாக எடுத்து வைத்துள்ளோம்
சுயமாய் நீ நின்றிடத் தெரிந்தவள் எனினும்
சும்மா இருக்கட்டும், எங்கள் நிம்மதி

அங்கே உனக்கு மனம்பிடித்துப் போய்
ஆண்டுகள் பலவாய்த் தங்கிவிட்டால்
இங்கே யாரும் மூக்குச் சிந்தோம்
இப்போதே அதற்கும் வாழ்த்துகிறோம்

உனக்கென வீடொன்று அமைந்திடும் அன்று
உடனே எமக்கொரு சாவி அனுப்பு
எனக்கும் தட்டிவிட்டு நிற்கத் தெரியாது
ஏறி உள்ளே வந்துவிடுவேன்

(பல்லவி)

வாழி (எல்லோரும் எழுந்து நின்று)

வாழிய நின்கால், நெடுவழி நடக்க
வாழிய நின்கை, வலியினைத் தணிக்க
வாழிய நின்நா, மறுமொழி பழக
வாழிய நின்செவி, மனக்குறை கேட்க
வாழிய நின்துயில், கனவிலும் இனிக்க

வாழிய நீபோய்ச் சேர்ந்திடும் அவ்வூர்
வாழிய உன்னுடன் பணிசெயும் தோழியர்
வாழிய உன்னறைத் தோழி, அவளைப்
பெற்றவர் வாழி, அவர்களும் இன்று
உறங்காது இருப்பார், எம்போல் வாழி

வாழிய விமானம் ஓட்டிடும் கைகள்
வாழிய உனக்கு வழிசொல்லும் அந்நியர்
வாழிய உன்முதல் நோயாளி, அவரும்
நலம்பெற்றுத் தம்வீடு நடந்து போகட்டும்

(வண்டிச் சத்தம் கேட்டதும் இதைத் தம்பி தொடங்க, எல்லோரும் கை தட்டிப் பாட வேண்டும்)

வாசலில் வண்டி வந்தது அக்கா
வலதுகை பெட்டியை நான் தூக்குகிறேன்
பாஸ்போர்ட் எங்கே? பையில் இருக்குதா?
பார்த்துவிட்டாயா? இன்னொரு முறை பார்!
டிக்கெட் எங்கே? கண்ணாடி எங்கே?
தண்ணீர்ப் புட்டி மேசையில் கிடக்கிறது!
சிக்கெனப் பாட்டியைக் கட்டிக்கொள் அக்கா
சீக்கிரம், சீக்கிரம், ஏறு, போய்வா!