கலியாணப் படமொன்றைப் பெருப்பிப்பது பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
14.07.2024

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளின் கலியாணம் 2018 ஆவணியில் பம்பலப்பிட்டியில் நடந்தது. அன்று வீடியோவும் அல்பமும் எடுத்தவர்கள் தாலி கட்டு முடிந்ததும் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். என் அம்மா மணவறைக்கு ஏறி அறுகரிசி போட்டதை என் தம்பி மகன்தான் போனில் எடுத்தான். அம்மா 2021இல் காலமானார். மகளும் அவரும் ஒன்றாக நிற்கிற படம் வேறு இல்லை.

படம் கலங்கியிருக்கிறது. குத்துவிளக்கின் ஐந்து சுடரும் ஐந்து சிறு கோடுகளாக ஒரே பக்கம் சரிந்து விழுந்திருக்கின்றன. பின்னால் உள்ள வாழைமரமும் அதே சரிவுதான். ஆகவே போக்கஸ் பிழையில்லை, பிள்ளையின் கை ஆடியிருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படி ஒரே பக்கமாக ஆடியதைக் கொஞ்சமாவது திருத்த முடியுமா?

என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று வட்ஸ்அப்பில் வந்தது, 1600 x 1200. மற்றது, போன் பழுதாக முன்னம் அதிலிருந்தே அடித்த 4 x 6 அங்குலப் பிரிண்ட். பிரிண்டில் முகங்கள் தெளிவு கூட. ஆனால் தாள் சொரசொரப்பானது, ஸ்கேன் செய்தால் அந்தப் புள்ளிகளும் சேர்ந்து பெருக்குமோ தெரியாது. அதோடு மேலும் கீழும் வெட்டுப்பட்டு அம்மாவின் கொண்டையில் பாதி போய்விட்டது. எதிலிருந்து தொடங்குவது நல்லது? முகத்தைப் பிரிண்டிலும் மற்றதை வட்ஸ்அப்பிலும் எடுத்துப் பொருத்துவீர்களா?

எனக்கு ஆசை 24 x 18. ஆனால் மருமகன் கணக்குப் பார்த்து, ஓர் அங்குலத்துக்கு 67 பிக்சல்கூட வராது என்கிறார். வீட்டுச் சாலைச் சுவரில் எட்டு அடி தள்ளி நின்று பார்க்கிற படம், கையில் பிடித்துப் பார்க்கிறதல்ல. அது போதாதென்றால் 16 x 12க்கும் சம்மதம், சுற்றிவர அகலமாக வெள்ளை மவுண்ட் வைத்துப் பெரிய பிரேமில் போடலாம். 12 x 18 மட்டும் வேண்டாம், அந்த அளவுக்கு மறுபடியும் வெட்ட வேண்டிவரும். தாள் பளபளப்பில்லாத மற் ஆக இருந்தால் கலக்கம் குறைவாகத் தெரியுமா, அல்லது கன்வஸ் மேலா?

ஒரு வேண்டுகோள். முன்பு வேறொரு ஸ்ரூடியோவில் கொடுத்தபோது அம்மாவின் முகத்தை மெழுகுப் பொம்மை போல வழுவழுப்பாக்கித் தந்தார்கள். நாடியில் இருந்த மச்சத்தையும் காணவில்லை. மகளுக்கு அனுப்பினேன், "இது யார்?" என்று கேட்டாள். கலங்கலாய் இருந்தாலும் பரவாயில்லை, அம்மா அம்மாவாக இருக்கட்டும். அவர் கையிலிருந்து விழும் அரிசி வெள்ளைக் கீறல்களாகத் தெரிகிறது, அதையும் அழிக்க வேண்டாம். அரிசி விழுந்தது உண்மைதானே.

முழுதும் அடிக்கும் முன், முகமும் கையும் வரும் துண்டை மட்டும் கேட்ட அளவிலேயே சோதனைக்கு அடித்துக் காட்டுவீர்களா? அதற்குரிய காசைத் தனியே தருகிறேன். மகள் ஆவணி 10ஆம் திகதி கனடாவிலிருந்து வருகிறாள், அதற்கு முன் சுவரில் ஏற்ற வேண்டும். பிரிண்டைத் தபாலில் விட மனமில்லை, நேரில் கொண்டுவருகிறேன். எந்த நாள் வந்தால் ஸ்கேன் செய்து அன்றே கையில் திருப்பித் தருவீர்கள் என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ம. புவனேஸ்வரி