தங்கச்சி கல்யாணம்: வாங்க வேண்டியவை (ஆனி 20 நிலவரம்)

கையில் இருப்பது 4,80,000. தாலி, மெட்டி, கூறைப்புடவை மூன்றும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, அதனால் இதில் இல்லை. முகூர்த்தம் ஆவணியில். ஆடியில் நகையும் பட்டும் எடுக்க அப்பா சம்மதிக்க மாட்டார். அவை ஆனிக்குள் முடிய வேண்டும். மற்ற சேலைகளுக்கு ஆடித் தள்ளுபடிதான் நமக்கு லாபம்.

நகை (பவுன் 1 லட்சம் என்று வைத்துக் கணக்கு)

ஆரம், 4 பவுன் – ரூ.1,75,000 – அம்மா, நான் – பாக்கி
அம்மாவின் பழைய வளையல் 3 பவுனை மாற்றுகிறோம். மேலே 1 பவுன், 4 பவுனுக்கும் சேதாரம் 12%, ஜிஎஸ்டி 3%. பழசில் கொஞ்சம் கழிவு போகும், அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. போன வாரம் பார்த்த கடையில் சேதாரம் 18% என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம். அம்மா, டிசைன் பார்த்து மயங்க வேண்டாம், முதலில் சேதாரத்தைக் கேள். 916 முத்திரையும் எச்யுஐடி எண்ணும் நகையில் இருக்கிறதா என்று லென்ஸ் வாங்கிப் பார்த்துவிடு.

மாப்பிள்ளை மோதிரம், 1 பவுன் – ரூ.1,16,000 – அப்பா – முன்பணம் 20,000 கட்டியாச்சு. விரல் அளவு இன்னும் வரவில்லை. அப்பா, சம்பந்தியிடம் நீங்களே கேளுங்கள்.

வெள்ளிக் கொலுசு – ரூ.35,000 – நான் – வாங்கியாச்சு, 33,400

துணி

வரவேற்புப் பட்டு, திருபுவனம் – ரூ.28,000 – அம்மா, சித்தி, தங்கச்சி – பாக்கி, ஞாயிறு போகிறோம். அரக்கா மயில் கழுத்தா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். மூன்று பேரும் மூன்று நிறம் சொன்னால் பொழுது போய்விடும்.
மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம் – ரூ.9,000 – அப்பா – பாக்கி, அன்றைக்கே
சம்பந்தி அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் பட்டு, 2 – ரூ.16,000 – அம்மா – பாக்கி, அன்றைக்கே
அம்மா, சித்தி, இரண்டு அத்தைகள் – தலைக்கு 6,000, ரூ.24,000 – சித்தி – ஆடியில். இரண்டு அத்தைக்கும் ஒரே விலை, ஒரே கடை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.
அப்பா, மாமா, தம்பிக்கு வேட்டி சட்டை – ரூ.6,000 – தம்பி – ஆடியில்

சீர், பரிசு

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, ஒரு ஜோடி – மாமா – சொல்லியாச்சு. தாய்மாமன் சீராக அவரே தருகிறார், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.
கிரைண்டர், மிக்ஸி, பாத்திரம் – ரூ.30,000 – சித்தப்பா – பாதி வாங்கியாச்சு, மிக்ஸி பாக்கி. என் கல்யாணத்துக்கு மூன்று மிக்ஸி வந்தது, ஒன்று இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. வேறு யாரும் வாங்க வேண்டாம்.
தாம்பூலப் பை, 400 × 35 – ரூ.14,000 – தம்பி – ஆர்டர் கொடுத்தாச்சு. அச்சடிக்கும் முன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எனக்கு அனுப்பு.

மொத்தம்: நகை 3,26,000 + துணி 83,000 + சீர் 44,000 = 4,53,000. மீதி 27,000, கொலுசில் மிஞ்சியது 1,600. ரவிக்கை தையல், ஃபால்ஸ், வண்டிச் செலவு எல்லாம் இதிலிருந்துதான். பில்லை யாரும் தூக்கிப் போடாதீர்கள், அலமாரியில் பச்சை ஃபைலில் வையுங்கள்.