கொப்பரை விலை ஆடும்போது ஓர் எண்ணெய் ஆலையின் என்பிவி: 20,000 முறை ஓட்டிப் பார்த்த கணக்கு

காங்கேயம் பக்கம் வாடகைக் கொட்டகையில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை போடலாமா என்பது கேள்வி. எக்ஸ்பெல்லர், ஃபில்டர், பேக்கிங் லைன் எல்லாம் சேர்த்து ₹400 லட்சம். நாளைக்கு 10 டன் கொப்பரை, வருடத்தில் 300 நாள், எண்ணெய்த் தேர்ச்சி 63%. ஆக, வருடத்துக்கு அதிகபட்சம் 1,890 டன் எண்ணெய். எட்டு வருடக் கணக்கு, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் கழிவு விகிதம் 12%. விலைகளில் விலைவாசி உயர்வைச் சேர்க்காததால் இந்த 12ம் அது நீங்கலானது.

முதலில் வழக்கமான ஒற்றைக் கணக்கு. கொப்பரை கிலோ ₹120, எண்ணெய் கிலோ ₹200, புண்ணாக்கு ₹30. ஒரு கிலோ எண்ணெய்க்குக் கொப்பரைச் செலவு 120/0.63 = ₹190.48. கொப்பரையில் 34% புண்ணாக்காக வருவதால் அதில் ₹16.19 திரும்புகிறது. மின்சாரம், கூலி, பேக்கிங், லாரி வாடகை சேர்ந்து ₹14. மிஞ்சுவது கிலோவுக்கு ₹11.71. 1,500 டன் விற்றால் ₹175.7 லட்சம், நிலையான செலவு ₹45 லட்சம் போக ₹130.7 லட்சம். வரி 25.168%, இயந்திரத் தேய்மானம் குறையும் மதிப்பில் 15%, 15 நாள் கொப்பரை இருப்புக்கு ₹142.9 லட்சம் முடக்கம், எட்டாம் வருடம் இயந்திரத்தை விற்று ₹40 லட்சம். எட்டு வருட வரவுகளை இன்றைய மதிப்புக்கு மாற்றி முதலீட்டைக் கழித்தால் மிஞ்சும் என்பிவி ₹66.7 லட்சம். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பல திட்ட அறிக்கைகள் வங்கிக்குப் போகின்றன.

இதில் பயன்பட்ட 1,500 டன் 'பெரும்பாலும் நடக்கும்' அளவு, சராசரி அல்ல. டீலர்களிடம் கேட்டால் மோசமான நிலையில் 800, நன்றாகப் போனால் 1,900 என்கிறார்கள். கீழ்ப்பக்கம் 700 டன் இறக்கம், மேல்பக்கம் 400 டன் ஏற்றம். முக்கோணப் பரவலின் சராசரி (800+1500+1900)/3 = 1,400. அந்த 100 டன் வித்தியாசம் மட்டுமே என்பிவியில் கிட்டத்தட்ட ₹38 லட்சத்தைத் தின்றுவிடுகிறது. எண்களைக் குலுக்கி எடுத்து 20,000 முறை ஓட்டும் சிமுலேஷன் தொடங்கும் முன்பே பாதி உண்மை வெளியே வந்துவிட்டது. இன்னொன்று: 'மிகக் குறைவு எவ்வளவு' என்று கேட்டால் யாரும் உண்மையான அடிமட்டத்தைச் சொல்வதில்லை, பத்தில் ஒரு முறை நடக்கக்கூடியதைத்தான் சொல்வார்கள். 'இதற்குக் கீழே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்ற அளவு எது' என்று கேட்டு வாங்கிய எண் இந்த 800.

கொப்பரைக்கு வேறு அணுகுமுறை வேண்டும். அதன் விலை ஒரு வருடம் ஏறினால் அடுத்த வருடமும் ஓரளவு அந்த உயரத்திலேயே நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். அதனால் விலையின் மடக்கையை எடுத்து, போன வருட விலகலில் 60% தொடரும், அதோடு 0.22 அளவுள்ள புதிய அதிர்ச்சி சேரும் என்று வைத்தோம். இவற்றை மண்டி விலையின் பல வருட ஆண்டுச் சராசரிகளிலிருந்து எடுக்க வேண்டும். நாள் விலையிலிருந்து எடுத்த ஏற்ற இறக்கத்தை வருடக் கணக்கில் அப்படியே போடுவது தவறு.

இனி இந்தக் கணக்கின் உயிர்நாடி. கொப்பரை விலையை ஆடவிட்டு, எண்ணெய் விலையை ₹200லேயே நிறுத்தினால் என்ன ஆகும்? கொப்பரை ₹150 ஆனால் எண்ணெயின் மூலச்செலவு மட்டும் ₹238. கிலோவுக்கு ₹36 நஷ்டத்தில் ஆலை வருடம் முழுக்க ஓடுவதாகக் கணக்கு சொல்லும். இப்படி ஓட்டினால் என்பிவியின் திட்டவிலக்கம் சுமார் ₹16 கோடி வருகிறது, ₹4 கோடி இயந்திரத்துக்கு! நடப்பில் கொப்பரை ஏறினால் எண்ணெயும் ஏறுகிறது. ஆனால் முழுவதும் ஏறுவதில்லை. பாமாயில் பக்கத்து அலமாரியில் இருக்கிறது, டீலர் உடனே புது விலைக்கு ஒத்துக்கொள்வதுமில்லை. எண்ணெய் விலையைக் கொப்பரை விலையின்மேல் ஒட்டுறவுக் கோடு போட்டுப் பார்த்து, மூலச்செலவு ஏற்றத்தில் 95% எண்ணெய் விலைக்குப் போகும் என்று வைத்தோம். மிச்சமுள்ள 5% சிறிதாகத் தெரியும். ஆனால் கிலோவுக்கு ₹11.71 மட்டுமே மிஞ்சும் தொழிலில் அதுதான் ஆளைச் சாய்ப்பது. இதே 95ஐ 90 ஆக்கினால் திட்டவிலக்கம் ₹130 லட்சத்திலிருந்து ₹200 லட்சத்தை ஒட்டிப் போய்விடும். உங்கள் திட்டத்துக்கு இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டும்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
N, T, r, tax = 20000, 8, 0.12, 0.25168
L = rng.triangular(800, 1500, 1900, N)
x = np.zeros(N); v = 0.0
W0 = np.zeros(N); dep = 60.0
npv = np.full(N, -400.0)
for t in range(1, T + 1):
    x = 0.6*x + 0.22*rng.standard_normal(N)
    v = 0.36*v + 0.22**2
    P = 120*np.exp(x - v/2)
    e = rng.standard_normal(N)
    V = np.minimum(L*np.exp(0.08*e - 0.0032), 1890)
    S = 200 + 0.95*(P - 120)/0.63
    m = S - P/0.63 + 0.34/0.63*30 - 14
    q = m*V/100 - 45
    cash = q - tax*(q - dep)
    W = 0.05*V/0.63*P/100
    npv += cash/(1+r)**t - (W - W0)/(1+r)**(t-1)
    W0 = W; dep *= 0.85
npv += (W0 + 40)/(1+r)**T
print(npv.mean(), npv.std(), (npv < 0).mean())
print(np.percentile(npv, [5, 50, 95]))
```

எல்லாத் தொகையும் லட்சத்தில். `L` என்பது இந்த ஆலைக்குச் சந்தையில் அமையும் இடம். அதை எட்டு வருடத்துக்கும் ஒரே முறைதான் எடுக்கிறோம். வருடாவருடம் மாறுவது அதன்மேல் வரும் 8% அசைவு மட்டும். `- v/2` விட்டுப்போனால் கொப்பரையின் சராசரி ₹120 ஆக நிற்காமல் மேலே நழுவும், என்பிவி காரணமில்லாமல் குறையும். `np.minimum(…, 1890)` இல்லையென்றால் ஆலையால் பிழியவே முடியாத எண்ணெயை விற்றதாகக் கணக்கு வரும். `W` கொப்பரை இருப்பில் முடங்கும் பணம். விலை ஏறும்போது அதுவும் ஏறுகிறது. ₹142.9 லட்சம் என்று நிலையாக வைத்துவிட்டால், கொப்பரை ₹200 ஆகும் வருடத்தில் 1,500 டன் விற்பனைக்கே ₹238 லட்சம் தேவைப்படும் என்பது மறைந்துபோகும். நல்ல லாபத்தில் ஓடும் ஆலைகூட அந்த வருடத்தில்தான் ரொக்கமில்லாமல் நிற்கும்.

`q - dep` நஷ்டமாக இருந்தால் மேலே உள்ள பைதான் கோடு வரியைத் திருப்பித் தருகிறது. உரிமையாளருக்கு லாபம் தரும் வேறு தொழில் இருந்து, அதே கணக்கில் நஷ்டத்தைக் கழிக்க முடிந்தால் மட்டும் இது சரி. புதிதாகத் தொடங்கும் தனிக் கம்பெனி என்றால் நஷ்டத்தை முன்னெடுத்துச் சென்று பிந்தைய லாபத்தில் கழிக்கும்படி எழுத வேண்டும்.

எக்செல்லில் செய்பவர்களுக்கு `A2`-இல் `=RAND()` இருந்தால் முக்கோணப் பரவல் இப்படி வரும்:

```
=IF(A2<700/1100, 800+SQRT(A2*1100*700), 1900-SQRT((1-A2)*1100*400))
```

மடக்கை அதிர்ச்சிக்கு `=NORM.S.INV(RAND())`. `NPV()` ஃபங்ஷனுக்குள் −400ஐப் போடாதீர்கள். அது முதல் எண்ணையே ஒரு வருடம் தள்ளித்தான் கழிக்கும். முதலீடு வெளியே தனியாக நிற்க வேண்டும்.

முடிவு: சராசரி என்பிவி ஏறத்தாழ ₹28 லட்சம், திட்டவிலக்கம் சுமார் ₹130 லட்சம், என்பிவி பூச்சியத்துக்குக் கீழே போக 40% வாய்ப்பு. கீழ் 5% எல்லை −₹195 லட்சம் அளவில், மேல் 5% எல்லை +₹230 லட்சம் அளவில். 20,000 முறையில் சராசரியின் பிழை ஒரு லட்சத்துக்குள் இருக்கும். 1,000 முறை மட்டும் ஓட்டினால் அது நான்கு லட்சம். ₹28 லட்சத்தைப் பற்றிப் பேச 1,000 போதாது.

இந்தச் சிதறலில் பாதிக்குச் சற்று மேல் கொப்பரையால் வருகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவாக விற்பனை இடத்தால். வருடாந்திர 8% அசைவின் பங்கு மிகச் சொற்பம். அதைத் துல்லியமாக்க மெனக்கெடுவது வீண் வேலை.

அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். எட்டு வருடத்தின் விற்பனையையும் கொப்பரை விலையையும் ஒவ்வொரு வருடமும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால், கெட்ட வருடமும் நல்ல வருடமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். திட்டவிலக்கம் ₹130 லட்சத்திலிருந்து ₹70 லட்சம் பக்கம் இறங்கும். கீழ் 5% எல்லை −₹90 லட்சம் என்று காட்டும். சராசரி மாறாது, படமும் அழகாக இருக்கும், ஆபத்து மட்டும் பாதியாகத் தெரியும். சந்தையில் இடம் கிடைக்காத ஆலைக்கு மூன்றாம் வருடம் திடீரென்று இடம் கிடைத்துவிடுவதில்லை.

அதேபோல, ஆபத்துக்காகக் கழிவு விகிதத்தை 18, 20 என்று ஏற்றிவிட்டு அதன்மேல் இந்தக் குலுக்கலையும் ஓட்டக் கூடாது. ஒரே ஆபத்தை இரண்டு முறை கழிப்பதாகும்.

0.22 போதுமா? 2025 பருவத்துக்கு அரைவைக் கொப்பரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ₹11,582. நம் ₹120 அதை ஒட்டியே இருக்கிறது. அதே 2025இல் மண்டி விலை கிலோ ₹200ஐத் தாண்டியது. நம் மாதிரியில் குறிப்பிட்ட ஒரு வருடத்தின் சராசரி ₹200ஐத் தொட வெறும் 2% அளவே வாய்ப்பு. கண்முன்னே நடந்ததை அபூர்வம் என்று சொல்லும் மாதிரியை அப்படியே விடக் கூடாது. 0.22ஐ 0.30 ஆக்கினோம். நஷ்ட வாய்ப்பு 40%ஐ விட்டு அதிகம் நகரவில்லை. ஆனால் கீழ் 5% எல்லை −₹195 லட்சத்திலிருந்து −₹250 லட்சத்துக்குப் போனது. நஷ்ட வாய்ப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படாது. அந்த −₹250 லட்சத்தைச் சற்றுக் கூடுதலான எச்சரிக்கையாகவே எடுக்கலாம். நஷ்டம் தொடர்ந்தால் எட்டு வருடமும் யாரும் ஓட்ட மாட்டார்கள், இடையில் இயந்திரத்தை விற்பார்கள். கோடு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதே கோட்டில் (0.22 வைத்தே) `0.05`ஐ `0.025` ஆக்கி ஓட்டிப் பாருங்கள். அதாவது இருப்பு 15 நாளிலிருந்து ஏழரை நாளாகக் குறைகிறது. சராசரி ₹68 லட்சத்தை ஒட்டி ஏறுகிறது, நஷ்ட வாய்ப்பு 29% பக்கம் இறங்குகிறது. புது இயந்திரமோ கூடுதல் விற்பனையோ இல்லாமல் கிடைத்த ₹40 லட்சம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்தில் கொப்பரை காயாது, வரத்து குறையும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 15 நாள் இருப்பும் மற்ற மாதங்களில் ஏழரை நாளும் வைத்தால், பலனில் பெரும்பகுதி கைக்கு வரும்.